டி.சி. இல்லாமல் ஆறாம் வகுப்பு: பெங்களூரிலிருந்து சென்னைக்கு வந்த குடும்பத்தின் பள்ளிச் சேர்க்கை

பின்னணி

தருமபுரி மாவட்டத்தைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பம். திருமணத்துக்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் பெங்களூரில் வாழ்ந்தது. தந்தை கட்டட வேலையில் டைல்ஸ் பதிப்பவர், தாய் வீட்டு வேலை செய்பவர். ஒப்பந்தக்காரர் சென்னையில் பெரிய வேலை எடுத்ததால், 2024 மே 31 அன்று தென் சென்னையில் வாடகை வீட்டுக்குக் குடிவந்தார்கள். பிள்ளைகள் இருவர். மூத்த மகள் பெங்களூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில வழியில் ஐந்தாம் வகுப்பு முடித்தவள். இளைய மகன் 2019 ஜூலை 12 அன்று பிறந்தவன், எல்.கே.ஜி. மட்டும் படித்தவன்.

கையில் இருந்தவை: நால்வரின் ஆதார், தருமபுரி முகவரியில் ஒரு ரேஷன் கார்டு, தந்தையின் பழைய சாதிச் சான்றிதழ் (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்), மகளின் பிறப்புச் சான்றிதழ், ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டை, மகனின் பிறப்புச் சான்றிதழ். மகனின் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. குழந்தை பிறந்து பெயர் வைக்கும் முன்பே பதிவு செய்து வாங்கிய சான்றிதழ்களில் இது சாதாரணமாக நடப்பதுதான். ஐந்து வருடம் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கையில் இல்லாதது மகளின் மாற்றுச் சான்றிதழ். ஐந்தாம் வகுப்புக் கட்டணத்தில் 18,000 ரூபாய் பாக்கி இருந்தது. அதைக் கட்டினால்தான் டி.சி. தருவோம் என்று பழைய பள்ளி சொல்லிவிட்டது. கேட்டதும் வாய்மொழி, மறுத்ததும் வாய்மொழி. இந்த ஒரு விஷயம் பின்னால் இரண்டு மாதங்களைத் தின்றது.

முதல் வாரம்: மூடியிருந்த கதவும் திறந்திருந்த கதவும்

பெற்றோர் முதலில் விசாரித்தது தனியார் பள்ளிகளில் உள்ள 25 சதவீத இலவச இடங்களைப் பற்றி. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி அந்த ஆசை வந்திருந்தது. மகளுக்கு அது எந்த நிலையிலும் பொருந்தாது. கல்வி உரிமைச் சட்டம் 12(1)(சி) பிரிவில் வரும் அந்த இடங்கள் பள்ளியின் நுழைவு வகுப்புக்கு மட்டுமே. ஆறாம் வகுப்பில் யாரையும் அந்த வழியில் சேர்க்க முடியாது.

மகனுக்குக் கதை வேறு. அந்த ஆண்டு விண்ணப்பத்துக்கான கடைசி நாள் மே 20. குடும்பம் வந்து இறங்கியது அதற்குப் பதினோரு நாள் கழித்து. முன்பே வந்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது என்பதைப் பலர் அறிவதில்லை. எல்.கே.ஜி. உள்ள பள்ளியில் நுழைவு வகுப்பு எல்.கே.ஜி.தான், ஒன்றாம் வகுப்பு அல்ல. சுற்றுவட்டாரத்தில் இருந்த மெட்ரிக், நர்சரி பள்ளிகள் எல்லாமே எல்.கே.ஜி.யில் தொடங்குபவை. ஐந்து வயதான பையனுக்கு எல்.கே.ஜி.க்குரிய வயது தாண்டிவிட்டது, ஒன்றாம் வகுப்பில் தொடங்கும் தனியார் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இல்லை.

ஆக, அரசுப் பள்ளி. அதில் மகனுக்குச் சிக்கல் குறைவு. தமிழ்நாட்டில் ஜூலை 31 அன்று ஐந்து வயது நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பில் சேரலாம். பையன் பத்தொன்பது நாள் வித்தியாசத்தில் உள்ளே வந்தான். பெங்களூரிலேயே இருந்திருந்தால் அந்த ஆண்டு யு.கே.ஜி.தான் போயிருப்பான்.

மகளுக்கு எந்தப் பள்ளி என்ற முடிவு

இந்த நிகழ்வில் அதிகம் யோசிக்க வேண்டியிருந்த இடம் இதுதான். மூன்று வழிகள் இருந்தன.

வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளி. அங்கே டி.சி. பற்றி அதிகம் கெடுபிடி செய்யவில்லை, "கொஞ்ச நாள்ல கொண்டுவாங்க" என்றார்கள். இரண்டாவது, குறைந்த கட்டணத் தனியார் பள்ளி. அங்கே ஒரு வருடம் ஓட்டிவிட்டு, டி.சி. கைக்கு வந்ததும் ஏழாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு மாறலாம் என்பது தந்தையின் யோசனை. மூன்றாவது, பேருந்தில் இரண்டரை கிலோமீட்டர் போக வேண்டிய அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அங்கே ஆங்கில வழிப் பிரிவும் உண்டு.

முதல் இரண்டும் வசதியானவை. ஆனால் ஆறாம் வகுப்பு என்பது தமிழ்நாட்டில் ஒரு கணக்கு தொடங்கும் வகுப்பு. 2020-இல் வந்த சட்டப்படி, நீட் எழுதும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே அளவு ஒதுக்கீடு வந்தது. இரண்டுக்கும் நிபந்தனை ஒன்றுதான்: ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வகுப்பும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு. 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் வரலாம். இந்தச் சிறுமிக்கு அது பொருந்தாது.

மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியம், ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறைப் பள்ளிகள் எல்லாம் இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிகளே. அரசு உதவி பெறும் பள்ளி அதில் இல்லை. சம்பளம் அரசு தருகிறது, புத்தகம் அரசு தருகிறது, எனவே அதுவும் அரசுப் பள்ளிதானே என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து விண்ணப்பம் போடும் நாளில்தான் இல்லை என்று தெரியவரும்.

தந்தையின் "ஒரு வருடம் மட்டும்" யோசனையும் அதே இடத்தில் உடைகிறது. ஆறாம் வகுப்பு மட்டும் தனியாரில் என்றால் ஏழில் ஆறு வகுப்பு அரசுப் பள்ளி, தகுதி இல்லை. ஆறே வருடம் என்று இரக்கப்பட அந்த விதியில் இடம் கிடையாது. பெண் பிள்ளை என்பதால், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கிடுகிறது.

இதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொன்னவர் அந்தப் பகுதிப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருந்த ஒரு பெண்மணி. அவர் தாளில் 6 முதல் 12 வரை ஏழு கட்டம் போட்டுக் காட்டி, "முதல் கட்டமே காலியா விட்டா மீதியை நிரப்பி என்ன பண்றதுங்க?" என்று கேட்டார். தந்தை மனம் மாறியது அந்தத் தாளைப் பார்த்துத்தான். தூரம் அதிகம் என்றாலும் அரசு மேல்நிலைப் பள்ளி என்று முடிவானது. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பயணச் செலவு எழவில்லை.

பள்ளியில் நடந்தது

பள்ளிகள் ஜூன் 10 அன்று திறந்தன. மறுநாள் தாய் மகளோடு போனார். தலைமையாசிரியர் மறுக்கவில்லை, ஆனால் சேர்க்கவும் இல்லை. "டி.சி. இல்லாம எமிஸ்ல ஏத்த முடியாதும்மா. வாங்கிட்டு வாங்க, சீட் இருக்கு" என்றார். ஜூன் 13 அன்று தந்தை போனபோதும் அதே பதில்.

தலைமையாசிரியர் பொய் சொல்லவில்லை, சட்டத்தை மீறவும் நினைக்கவில்லை. அவருடைய கவலைக்குக் காரணம் இருந்தது. எமிஸ் என்பது தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளம். தமிழ்நாட்டுக்குள் மாறும் பிள்ளைக்கு ஏற்கெனவே எமிஸ் எண் இருக்கும். பழைய பள்ளி டி.சி. போட்டதும் அந்தப் பதிவு பொதுத் தொகுப்புக்கு வரும், காமன் பூல் என்பார்கள். புதிய பள்ளி எண்ணைத் தட்டி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். வேறு மாநிலப் பிள்ளைக்கு எமிஸ் எண்ணே கிடையாது. மத்திய அரசின் யூடைஸ் தளத்தில் நிரந்தரக் கல்வி எண் ஒன்று இருக்கும். பழைய பள்ளி "டி.சி. பெற்றுச் சென்றார்" என்று குறிக்காதவரை அந்தத் தளத்தில் பிள்ளை இன்னும் பெங்களூரில் படிப்பதாகவே காட்டும். புதிதாகப் பதிந்தால் ஒரே ஆதாருக்கு இரட்டைப் பதிவு என்று பிற்பாடு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியவர் தலைமையாசிரியர்.

ஆனால் கணினிப் பதிவும் சேர்க்கையும் ஒன்றல்ல. கல்வி உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: ஒரு பிள்ளை எந்தக் காரணத்துக்காக மாநிலம் விட்டு மாநிலம் மாறினாலும் அரசு, உதவி பெறும் பள்ளிகளில் சேர உரிமை உண்டு. டி.சி. தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. இது எட்டாம் வகுப்பு வரை, பதினான்கு வயது வரை பொருந்தும். பதினொன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு இந்தப் பிரிவை நீட்ட முடியாது.

சட்டத்தை வாயால் சொன்னால் வாக்குவாதமாகும் என்பதால், மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். ஒரு பக்கம்கூட இல்லை. அதன் முக்கியப் பகுதி:

"என் மகள் பெங்களூரில் ஐந்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றுள்ளாள். மாற்றுச் சான்றிதழ் கோரியுள்ளேன், இன்னும் கிடைக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5(3)-இன்படி அவளை ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். சான்றிதழ் கிடைத்ததும் ஒப்படைப்பேன். அவள் வேறு எந்தப் பள்ளியிலும் தற்போது சேர்க்கப்படவில்லை என உறுதி கூறுகிறேன்."

அந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது. இரட்டைப் பதிவு என்று யாராவது கேட்டால் காட்ட, தலைமையாசிரியருக்கு ஒரு தாள் கிடைத்தது. இணைப்பாக மதிப்பெண் அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல்கள். மதிப்பெண் அட்டையின் ஓரத்தில் நிரந்தரக் கல்வி எண் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்ததை அப்போதுதான் பார்த்தார்கள். தேவைப்பட்டால் 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண்ணை அழைப்பது, அதற்கும் அசையாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுப்பது என்று அடுத்த படிகள் திட்டத்தில் இருந்தன. இரண்டும் தேவைப்படவில்லை. ஜூன் 17 பக்ரீத் விடுமுறை, 18 அன்று கடிதம் கொடுத்தார்கள், 19 அன்று சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறியது. டி.சி. எண் எழுத வேண்டிய கட்டத்தில் பென்சிலால் "பின்னர்" என்று குறித்தார்கள்.

பெயர் எழுதும் நேரம்

பதிவேட்டில் எழுதும் முன் இன்னொரு முடிச்சு விழுந்தது. பிறப்புச் சான்றிதழில் மகளின் பெயர் மட்டும் இருந்தது. பெங்களூர்ப் பள்ளியின் மதிப்பெண் அட்டையில் பெயருக்குப் பின்னால் தந்தை பெயர் முழுதாகச் சேர்ந்திருந்தது. ஆதாரில் பெயருக்குப் பின் ஓர் இனிஷியல். தமிழ்நாட்டில் இனிஷியல் முன்னால் வரும். நான்கு விதமான ஒரே பெயர்.

ஆதாரில் உள்ளபடியே எழுதுவது என்று முடிவெடுத்தார்கள். காரணம், எமிஸ், யூடைஸ், வங்கிக் கணக்கு, பின்னாளில் உதவித்தொகை எல்லாமே ஆதாரோடு ஒத்துப்பார்ப்பவை. ஓர் எழுத்து மாறினாலும் சரிபார்ப்பு தோல்வி என்று வரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகிவிட்ட பிறகு பெயரைத் திருத்துவது பெரும்பாடு. ஆறாம் வகுப்பில் ஒரு கோடு அடித்தால் முடியும் வேலை அது.

மகனின் சேர்க்கை

இது அரை மணி நேரத்தில் முடிந்தது. வீட்டுக்கு அருகிலிருந்த மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் ஜூன் 12 அன்று சேர்த்தார்கள். பெயரில்லாத பிறப்புச் சான்றிதழ் பிறந்த தேதிக்கு ஆதாரம். பெயருக்கு ஆதாரும், கர்நாடகத்தில் தாய் கார்டு என்று சொல்லும் தாய்-சேய் நல அட்டையும், பெற்றோர் எழுதிக்கொடுத்த உறுதிமொழியும். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆவணம் என்று சட்டம் மாறியிருக்கிறது. அந்தக் குழந்தைகள் பள்ளிக்கு வரும் நேரத்தில் இவ்வளவு சுலபமாக முடியுமா என்பது சந்தேகமே.

பெயரைச் சேர்க்கப் பிறப்பு பதிவான பெங்களூர் அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சென்னை மாநகராட்சி அதைச் செய்ய முடியாது. பிறந்து பதினைந்து ஆண்டுக்குள் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம் என்பதால் அவசரப்படவில்லை.

தாய்க்கு இந்தப் பள்ளி பிடித்துப்போக வேறொரு காரணம் இருந்தது. அவர் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்ப வேண்டும். தொடக்கப் பள்ளியில் காலை உணவு உண்டு. பையனை அனுப்பிவிட்டுப் போகும் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சமைத்து வைக்கும் பொறுப்பு இல்லை.

டி.சி. வந்த வழி

சேர்க்கை முடிந்ததும் டி.சி.யை மறந்துவிடலாம் என்று தந்தை நினைத்தார். முடியாது. யூடைஸ் பதிவு பழைய பள்ளியில் சிக்கியே இருந்தது. புதிய பள்ளி அந்தத் தளத்தில் விடுவிப்புக் கோரிக்கை அனுப்பியும் பதில் இல்லை. எமிஸில் புதிய பதிவு போட்டு எண் வாங்கிவிட்டார்கள் என்பதால் புத்தகமும் சீருடையும் கிடைத்தன, ஆனால் இரண்டு தளங்களும் பொருந்தவில்லை.

ஜூன் கடைசியில் பெங்களூர்ப் பள்ளிக்குப் பதிவுத் தபாலில் டி.சி. கோரிக் கடிதம் அனுப்பினார்கள். ஒப்புகை அட்டை வந்தது, டி.சி. வரவில்லை. பதினைந்து நாள் கழித்து, அந்தப் பகுதியின் வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கடித நகலையும் ஒப்புகை அட்டை நகலையும் இணைத்துப் புகார் அனுப்பினார்கள். முன்பு வாய்மொழியாகக் கேட்டதற்கு ஆதாரம் எதுவும் இல்லாததால் கணக்கு ஜூன் கடைசியிலிருந்துதான் தொடங்கியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பள்ளியே தொலைபேசியில் அழைத்தது. பாக்கியில் பாதியை அப்போதும் மீதியைப் பிறகும் தருவதாகத் தந்தை ஒப்புக்கொண்டு போய் வாங்கிவந்தார். டி.சி.யைக் கொடுக்க அந்தப் பணம் நிபந்தனையாக இருந்திருக்கக் கூடாது. பாக்கியை வசூலிக்கப் பள்ளிக்குத் தனி வழி உண்டு. அதே ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் டி.சி. கட்டண வசூலுக்கான கருவி அல்ல என்று தீர்ப்பளித்திருந்தது, ஆனால் அது தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கானது. கடன் மனதில் உறுத்தியதால் கட்டிவிடுகிறேன் என்றார் தந்தை. அது அவர் முடிவு.

வந்த டி.சி.யில் இன்னொரு குறை. வெளிமாநில டி.சி.யில் அங்குள்ள கல்வி அலுவலரின் மேலொப்பம் வேண்டும் என்று இங்கே கேட்டார்கள். அது இல்லை. மறுபடி ஒரு பயணம், இரண்டு நாள் கூலி போனது.

முதல் பருவத்தின் நிலவரம்

மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பெங்களூரில் இரண்டாம் மொழி கன்னடம். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். காலாண்டுத் தேர்வில் மற்றப் பாடங்களில் பிழைத்துக்கொண்டவள் தமிழில் ஒற்றை இலக்க மதிப்பெண் எடுத்தாள். எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் தோல்வியில் நிறுத்துவதில்லை என்பதால் வகுப்பு போகாது, ஆனால் ஒன்பதாம் வகுப்புக்குள் எழுத்து வந்தாக வேண்டும். தம்பியின் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இருவரும் சேர்ந்து படிக்க வைத்தார் தமிழாசிரியர். அரையாண்டுக்குள் அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். தம்பி வகுப்பிலேயே சிறியவன் என்பதால் பென்சில் பிடிப்பதில் பின்தங்கினான், படிப்பதில் அக்காவை முந்தினான்.

டி.சி. எண் அக்டோபரில்தான் பதிவேட்டில் பேனாவால் ஏறியது. யூடைஸ் பதிவும் அந்த மாதமே மாறியது. சேர்க்கைத் தேதி ஜூன் 19 என்றே நின்றது. ஏழு கட்டத்தில் முதல் கட்டம் முழுதாக நிரம்பியது.

மாற்றிச் செய்யக்கூடியவை

பெங்களூரை விட்டுக் கிளம்பும் முன்பே, டி.சி. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து நகலில் தேதியோடு முத்திரை வாங்கியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். அதே போக்கில் மேலொப்பத்தையும், மகனின் பெயர்ச் சேர்ப்பையும் முடித்திருக்கலாம். ஒரே பயணத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு இப்போது இரண்டு முறை போய்வந்தாயிற்று, பெயர்ச் சேர்ப்பு இன்னும் பாக்கி.

சென்னையில் முதல் நாளே கடிதத்தோடு போயிருக்க வேண்டும். ஜூன் 11-க்கும் 19-க்கும் இடையில் மாறியது ஒன்றுமில்லை, கையில் ஒரு தாள் இருந்ததைத் தவிர. பள்ளியும் சேர்க்கையைத் தள்ளாமல் டி.சி. கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கலாம்.

சாதிச் சான்றிதழை இந்தக் குடும்பம் சேர்க்கைக்கு முன் வாங்க அலைந்தது தேவையில்லாத அலைச்சல். எட்டாம் வகுப்பு வரையிலான சேர்க்கைக்கு அது நிபந்தனை அல்ல. தந்தையின் சான்றிதழை வைத்து இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க்குப் பிறகு விண்ணப்பித்தால் போதும். தருமபுரி ரேஷன் கார்டு முகவரியை மாற்றுவதும் அப்படியே. இரண்டையும் ஜூன் மாதக் கூட்ட நெரிசலில் செய்யப் போய்த் தந்தை மூன்று நாள் வேலையை விட்டார்.

இன்னும் ஒன்று நிலுவையில் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் அடுத்த வேலையை ஓசூரில் எடுப்பதாகப் பேச்சு. ஓசூர் தமிழ்நாடு என்பதால் அங்குள்ள அரசுப் பள்ளிக்கு மாறினால் கணக்கு தொடரும், பதிவும் காமன் பூல் வழியாகவே போகும். எல்லையைத் தாண்டி அத்திபெலேயில் வாடகை குறைவு என்று வீடு பார்த்தால் தொடராது. தாய் அந்த ஏழு கட்டத் தாளை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார்.